முழுக்கோழிக்கு விசில் கணக்கு போதாது

குக்கரில் கோழியைத் துண்டு போட்டு வேகவைப்பவர்களுக்கு விசில் கணக்கு போதும். மூன்று விசிலோ நாலு விசிலோ, கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் குழம்பில் சமாளித்துவிடலாம். முழுக்கோழி அப்படி இல்லை. வெளியே நெஞ்சுக்கறி நார் நாராகப் பிரிந்திருக்கும். உள்ளே தொடை உடம்போடு சேரும் இடத்தில் இன்னும் வேகாமல் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அதனால் முழுக்கோழிக்கு நான் நம்புவது இரண்டைத்தான்: எடைக்கு ஏற்ற நிமிடம், தொடைக்குள் குத்திப் பார்க்கும் சூடு.

எனக்குப் பிறந்த வீடு சேலம் அம்மாப்பேட்டை, வாழ்க்கைப்பட்டது ஏற்காடு. அம்மா வீட்டில் சமைக்கும் அதே கோழியை, அதே குக்கரில், இங்கே மலையில் சமைத்தால் நேரம் கூடத் தேவைப்படுகிறது. இது கைப்பக்குவ வித்தியாசம் என்றுதான் இங்கே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது காற்றின் வேலை. சேலம் கடல் மட்டத்துக்கு மேல் முந்நூறு மீட்டருக்குள்தான் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு மீட்டர், அதாவது 5000 அடி. சேலத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 99 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. ஏற்காட்டில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

'குக்கர்தான் மூடியிருக்கிறதே, மலை என்ன செய்யும்' என்று கேட்கலாம். குக்கரின் வெயிட் செய்வது, வெளியே உள்ள காற்றழுத்தத்துக்கு மேல் ஒரு குறிப்பிட்ட அளவு அழுத்தத்தைக் கூட்டுவது மட்டும்தான். வெளியே அழுத்தம் குறைவாக இருந்தால் உள்ளே மொத்தமும் அந்த அளவு குறையும். சேலத்தில் குக்கருக்குள் சுமார் 120 டிகிரி வருகிறது என்றால், ஏற்காட்டில் 117, 118 டிகிரியோடு நின்றுவிடும். இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 2000 அடிக்கு மேல் ஒவ்வொரு 1000 அடிக்கும் நேரத்தை நூற்றுக்கு ஐந்து கூட்ட வேண்டும். ஏற்காட்டுக்கு அது நூற்றுக்குப் பதினைந்து.

சரி, அடிப்படை நேரம் எவ்வளவு? பிராய்லர் கோழிக்கு, உரித்துச் சுத்தம் செய்த எடையில், ஒரு கிலோவுக்கு 14 நிமிடம் என்று வைத்துக்கொள்கிறேன். முதல் விசில் வந்து, அடுப்பைச் சிம்மில் வைத்த நொடியிலிருந்து எண்ண வேண்டும். அடுப்பை அணைத்த பிறகு ஆவி தானாக அடங்க 15 நிமிடம் தனி. அப்படிப் பார்த்தால் ஒரு கிலோ கோழிக்குச் சேலத்தில் 14 நிமிடம், ஏற்காட்டில் 16. ஒன்றேகால் கிலோவுக்கு 18, மலையில் 20. ஒன்றரைக் கிலோவுக்கு 21, மலையில் 24. ஒன்றேமுக்கால் கிலோவுக்கு மேல் இருந்தால் வீட்டுக் குக்கரில் முழுசாக வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. குக்கரில் இடம் இருந்தாலும் ஆவி சுற்றி வர வழியில்லாமல் போகும். நெஞ்சுக்கறி வறண்டால்தான் தொடை வேகும் என்ற நிலை வந்துவிடும். அந்த எடைக்கு இரண்டு சின்னக் கோழி வாங்குவது நல்லது. அதையும் ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள்.

எடை என்று சொல்லும்போது கடையில் எந்த எடை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உயிர் எடையில் இரண்டு கிலோ கோழி, தோலுரித்து, தலை, கால், குடல் எல்லாம் போனால் ஒன்று முந்நூறு, ஒன்று நானூறு கிராம்தான் தேறும். உயிர் எடையை வைத்து நிமிடம் கணக்குப் போட்டால் கோழி குழைந்துவிடும். 'வெட்டாம முழுசா குடுங்கண்ணா, கறி எடை எவ்வளவுன்னு மறுபடி தராசுல போட்டுச் சொல்லுங்க' என்று கேட்டால் சலிக்காமல் போட்டுத் தருவார்கள். வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால் இன்னும் நல்லது. ஈரல், கழுத்து இதையெல்லாம் சிலர் வயிற்றுக்குள்ளேயே வைத்துத் தருவார்கள். சமைக்கும் முன் கைவிட்டு எடுத்துவிடுங்கள்.

விசில் ஏன் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விசில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது என்பது தீயின் அளவையும் குக்கரின் அளவையும் உள்ளே இருக்கும் தண்ணீரையும் பொறுத்தது. பெரிய தீயில் ஐந்து நிமிடத்துக்குள் நாலு விசில் வந்துவிடும். சிம்மில் அதே நாலு விசிலுக்குக் கால் மணி நேரம் கூட ஆகும். கோழியின் தொடைக்குள் சூடு இறங்குவது விசிலைக் கேட்டு அல்ல. கறிக்குள் சூடு ஊடுருவ அதற்கென்று நேரம் வேண்டும், அவ்வளவுதான். துண்டுக்கறியில் அந்தத் தூரம் ஓர் அங்குலம் கூட இல்லை. முழுக்கோழியில் தொடையின் உட்பக்கம், இடுப்பு மூட்டுக்குப் பக்கத்தில், வெளியே இருந்து மிகத் தூரமான சதை. அங்கே சூடு வந்துவிட்டது என்றால் மற்ற எல்லா இடத்திலும் வந்திருக்கும்.

போன கிறிஸ்துமஸுக்கு நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். கோழி உரித்த எடை ஒன்று நானூறு. அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். ஒரு மேஜைக்கரண்டி தூளுப்பு, மஞ்சள், எங்கள் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியின் மிளகை ஒன்றிரண்டாகத் தட்டியது, கொஞ்சம் நல்லெண்ணெய், இவ்வளவையும் கலந்து கோழியின் மேலும் வயிற்றுக்குள்ளும் தடவி, முதல் நாள் இரவே மூடி ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். சமைப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்தேன்.

ஏழரை லிட்டர் குக்கர். அடியில் ஓட்டைத் தட்டு, அதற்குக் கீழே இரண்டு டம்ளர், அதாவது சுமார் அரை லிட்டர் தண்ணீர். முக்கியமாக, தண்ணீரில் மசாலா எதுவும் கலக்கவில்லை. தேங்காய், கசகசா, வெங்காயம் அரைத்த கெட்டி மசாலா அடியில் இருந்தால் சிம்மில் இருபது நிமிடம் தாங்காது. அடிபிடித்துவிடும், ஆவியும் சரியாக எழும்பாது. மசாலா வேண்டுமானால் பிறகு தனியாகச் செய்து மேலே ஊற்றலாம். கோழியை நெஞ்சு மேலே பார்க்க வைத்தேன். தொடை கீழே, ஆவி கிளம்பும் பக்கம் இருக்கும்; நெஞ்சு தண்ணீரில் நனையாது. கால் நுனிகளைப் பருத்தி நூலால் லேசாகக் கட்டினேன். உடம்போடு இறுக்கி வரிந்து கட்டினால் தொடைக்கும் உடம்புக்கும் நடுவே ஆவி போகாது, வேக நேரம் கூடும். வயிற்றுக்குள் நாலு பல் பூண்டும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் தவிர வேறு எதுவும் வைக்கவில்லை. பிரியாணியையோ சோற்றையோ உள்ளே திணித்தால் இந்த நிமிடக் கணக்கு செல்லாது. கோழியின் சாறு அந்தச் சோற்றுக்குள்தான் இறங்கும். அதன் நடுப்பகுதியும் தொடை அளவுக்குச் சூடாக வேண்டும். சோற்றைத் தனியாகச் செய்து, வெந்த கோழிக்குள் வையுங்கள். தட்டில் பார்க்க அதே அழகுதான்.

மூடியைப் போடும் முன் மேலே இரண்டு விரல் இடைவெளியாவது இருக்கிறதா, ஆவிக்குழாய் அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். வெயிட்டை உடனே போடவில்லை. ஆவிக்குழாயிலிருந்து ஆவி நிதானமாக, நேராகக் கிளம்பும் வரை விட்டு, அப்புறம்தான் போட்டேன். கோழியின் வயிற்றுக்குள்ளும் காற்று இருக்கும். அந்தக் காற்று வெளியேறாவிட்டால் குக்கருக்குள் அழுத்தம் இருந்தும் சூடு அந்த அளவுக்கு வராது. வெயிட் மூடியோடு சேர்ந்தே இருக்கும் உள்மூடிக் குக்கரில் இப்படிச் செய்ய முடியாது. அது விசில் வரும் முன் காற்றைத் தானே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும்.

'எத்தன விசில் கண்ணு?' என்றார் அத்தை.

'விசில் எண்ணலைங்கத்தை. முதல் விசிலுக்கு அப்புறம் இருபத்து மூணு நிமிஷம்' என்றேன்.

கணக்கு இதுதான். ஒன்று நானூறுக்குச் சேலத்து நேரம் சுமார் 20 நிமிடம். அதில் நூற்றுக்குப் பதினைந்து கூட்டினால் 23. சிம்மில் வைத்த பிறகு காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். வெயிட் அடியில் மெல்லிய சீற்றம் கேட்டுக்கொண்டே இருந்தால் அழுத்தம் இருக்கிறது. நடுவில் ஒரு விசில் வந்தாலும் பரவாயில்லை. சத்தமே இல்லாமல் போனால் அழுத்தம் இறங்கிவிட்டது. எங்கள் சமையலறையில் டிசம்பர் காற்று ஜன்னல் வழியாக வந்து சின்னத் தீயை அணைக்கப் பார்க்கும். ஜன்னலைச் சாத்திவிட்டுத் தீயைச் சற்றே கூட்டினேன். சத்தம் நின்றிருந்த நிமிடங்களை நேரத்தில் சேர்க்கக் கூடாது.

23 நிமிடம் ஆனதும் அடுப்பை அணைத்தேன். கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடவில்லை. துண்டுக்கறிக்குச் சிலர் அவசரத்தில் அப்படிச் செய்வார்கள். முழுக்கோழிக்கு வேண்டாம். கறிக்குள் இருக்கும் நீர் அப்போது 95 டிகிரிக்கு மேலும் போயிருக்கலாம். அழுத்தத்தைச் சட்டென்று எடுத்தால் அந்த நீர் உள்ளேயே கொதித்து வெளியே பாயும். நெஞ்சுக்கறி வெடித்து வறண்டு போகும். அந்த 15 நிமிடத்தில் வெளிச் சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும், தொடைக்கு அது பாதி வேலை.

இப்போது வெப்பமானி. கறியில் குத்திப் பார்க்கும் ஊசி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கும் கருவி இதற்கு உதவாது. மலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெப்பமானி சரியாகக் காட்டுகிறதா என்று கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். ஏற்காட்டில் அப்படிப் பார்த்தால் 95 காட்டும், அதைப் பார்த்துவிட்டு நல்ல கருவியைக் குறை சொல்லிவிடுவோம். ஐஸ் நிறையப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, நன்றாகக் கலக்கி, அதன் நடுவில் ஊசியை வையுங்கள். சேலமானாலும் ஏற்காடானாலும் 0 காட்ட வேண்டும்.

கோழியைத் தட்டோடு தூக்கி வைத்து, காலை மெல்ல வெளிப்பக்கம் இழுத்தேன். தொடையின் உட்பக்கம், உடம்பைப் பார்த்த பக்கத்தில், இடுப்பு மூட்டை நோக்கி, எலும்புக்கு இணையாக ஊசியைச் செருகினேன். எலும்பில் முட்டக் கூடாது. எலும்பில் படும்போது வரும் எண் சதையின் சூடு இல்லை. முட்டினால் சற்றுப் பின்னால் இழுத்துத் திசையை மாற்றிச் செருகுங்கள். ஆழமாகச் செருகி, பிறகு துளித்துளியாக வெளியே இழுத்தபடி எண்ணைப் பாருங்கள். எண் இறங்கி ஓர் இடத்தில் நின்று மறுபடி ஏறும். அந்த இறங்கிய எண்தான் கணக்கு. எனக்கு வலது தொடையில் குறைந்தபட்சம் 88, இடது தொடையில் 90, நெஞ்சின் தடித்த இடத்தில் 92 வந்தது.

பாதுகாப்புக்கான எல்லை 74 டிகிரி செல்சியஸ், அதாவது 165 ஃபாரன்ஹீட். அமெரிக்க வேளாண்மைத் துறை கோழிக்குச் சொல்லும் அளவு இது. கோழிக்கறியில் இருக்கக்கூடிய சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அந்தச் சூட்டைத் தொட்டவுடன் செத்துவிடும். அதைவிடக் குறைந்த சூட்டிலும் நேரம் கூடினால் சாகும்தான். ஆனால் எத்தனை நிமிடம் அந்தச் சூடு நின்றது என்று வீட்டில் அளக்க முடியாது. அதனால் 74 வந்ததா, வரவில்லையா என்று பார்ப்பதே வழி. ஆனால் 74 என்பது பாதுகாப்பு, பக்குவம் அல்ல. தொடைக்கறியில் இருக்கும் சவ்வு இளகிக் குழைய 80க்கு மேல் போக வேண்டும். 74இல் எடுத்த தொடை சாப்பிடலாம், ஆனால் பல்லில் இழுக்கும். குக்கரில் சரியான நேரம் விட்டால் அது 85ஐத் தாண்டிவிடும். ஆகவே, 74ஐ ஒட்டி ஓர் எண் வந்தால் அது 'போதும்' என்ற அறிகுறியாக இருப்பதைவிட, ஏதோ ஒன்று தவறியிருக்கிறது என்ற அறிகுறியாகவே பாருங்கள்.

அப்படி ஒன்று எங்கள் வீட்டிலேயே நடந்தது. என் நாத்தனார் சேலத்திலிருந்து உறையவைத்த கோழி ஒன்று கொண்டுவந்திருந்தார். மேலே தொட்டால் மெத்தென்றுதான் இருந்தது, மசாலாவும் தடவியாயிற்று. குக்கரில் வழக்கமான நேரம் விட்டுத் திறந்தால் தோல் பிரிந்து, வாசனை தூக்கியது. ஊசியைச் செருகினால் தொடை மூட்டுப் பக்கம் 66. நெஞ்சில் 86. இரண்டு இடத்துக்கும் இவ்வளவு வித்தியாசம் வந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: உள்ளே ஐஸ் இருந்திருக்கிறது. வயிற்றுக் குழிக்குள், முதுகெலும்பை ஒட்டி உறைந்தது கடைசியில்தான் இளகும்.

தட்டோடு கோழியைத் திரும்ப உள்ளே வைத்தேன். அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றினேன். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மறுபடி ஆவி வருவதற்குள் தீ வீணாகும். விசில் வந்த பிறகு 5 நிமிடம், அணைத்த பிறகு 10 நிமிடம். திரும்ப ஊசி வைத்தபோது 84. முதல் முறை செருகிய ஊசியைச் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவித்தான் இரண்டாம் முறை செருக வேண்டும்; 66 காட்டிய இடத்தில் இருந்ததை வெந்த கறிக்குள் கொண்டுபோகக் கூடாது.

உறைந்த கோழியை ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில், சாறு சிந்தாத பாத்திரத்தில், ஒரு முழு நாள் வைத்து இளக்குங்கள். சமைக்கும் முன் தொடையை மடக்கி நீட்டுங்கள். மூட்டு தடையில்லாமல் அசைய வேண்டும். வயிற்றுக்குள் கைவிட்டால் முதுகுப் பக்கம் ஐஸ் விரலில் தட்டக் கூடாது. அப்புறம், குழாயடியில் வைத்துக் கோழியை அலசுவதை விட்டுவிடுங்கள். தெறிக்கும் நீரில் கிருமி தொட்டி முழுக்கப் பரவும். கழுவியே ஆக வேண்டும் என்றால் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதில் மெல்ல முக்கி எடுங்கள்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்பவர்கள் இன்னும் நிறைய. 'எலும்புப் பக்கம் சிவப்பா இருக்கு, வேகல' என்பார்கள். பிராய்லர் கோழி ஆறு வாரம் போலத்தான் வளர்ந்தது. எலும்பு முழுசாக இறுகியிருக்காது. மஜ்ஜையின் நிறம் வெளியே கசிந்து பக்கத்துச் சதையைக் கருஞ்சிவப்பாக்கும், உறைந்து இளகிய கோழியில் இன்னும் கூடுதலாக. 90 டிகிரி காட்டிய தொடையிலும் அந்தச் சிவப்பு இருக்கலாம். தலைகீழாக, வெண்மையாகத் தெரியும் தொடை 74ஐத் தொடாமலும் இருக்கலாம். இதில் கண்ணை நம்ப முடியாது.

நாட்டுக்கோழிக்கு மேலே சொன்ன நிமிடங்கள் செல்லாது. அதற்கு எடையைவிட வயதுதான் கணக்கு. ஒன்றரைக் கிலோ நாட்டுக்கோழி 20 நிமிடத்தில் 74ஐத் தாண்டியிருக்கும், ஆனால் கடிக்க முடியாது. விடலைக் கோழிக்கு மலையில் 30 நிமிடத்தில் தொடங்குங்கள். முட்டையிட்டு ஓய்ந்த கோழிக்கு முக்கால் மணி நேரம் கூட ஆகலாம். அதற்கேற்பத் தண்ணீரையும் கூட்டி, நடுவில் ஒருமுறை ஆவி அடங்கவிட்டுத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே வெப்பமானி நிறுத்த வேண்டிய நேரத்தைச் சொல்லாது. கால் எலும்பைப் பிடித்துத் திருகினால் மூட்டில் லகுவாகச் சுழல வேண்டும், அதுதான் அடையாளம்.

குக்கரில் வெந்த கோழியின் மேல்பக்கம் வெளுத்துத்தான் இருக்கும். அதை ஒரு பத்து நிமிடம் தட்டில் ஆறவிட்டு, ஈரத்தைத் துடைத்து, இரும்புக் கடாயில் நெய் ஊற்றி, தட்டிய மிளகையும் கறிவேப்பிலையையும் போட்டு, பக்கத்துக்குப் பக்கம் திருப்பிச் சிவக்கவிடுவேன். இரண்டு கரண்டியால் முதுகைத் தாங்கித்தான் திருப்ப வேண்டும், காலைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும். குக்கரில் அடியில் நிற்கும் நீரில் கோழியின் சாறு முழுவதும் இருக்கிறது. மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ஒரு கொதி விட்டால் அன்றைக்கு அதுதான் ரசம். மிஞ்சிய கறியை எலும்பிலிருந்து பிய்த்து, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் சூடு பண்ணும்போதும் ஊசியில் 74 வர வேண்டும்.